ஜூனியர் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவுக்கு பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூ: கோலையும் எண்ணையும் எப்படி இணைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆன மார்க்கெட்டிங் ஆளை எப்படி மதிப்பிடுவது என்று வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் எதுவும் கையில் சிக்காது, அதனால் பக்கம் முழுக்க ஒரே உதாரணம். கோயம்புத்தூரில் மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபும் செய்துகொடுக்கும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரச் செலவு மாதம் 1,50,000 ரூபாய். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் விளம்பரம் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொள்வது ஒரு ஜூனியர் பெண். லீட் வந்ததும் டெலிகாலர் பேசுவார், ஆள் சரியாகத் தெரிந்தால் சேல்ஸ் ஆள் வீட்டுக்குப் போய் அளவெடுப்பார், அப்புறம் கொட்டேஷன், அப்புறம் ஆர்டர். எண்களெல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்தவை, உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

"எங்க ஆபீஸ்ல கோல் ஷீட்ல 'பிராண்ட் விழிப்புணர்வை அதிகப்படுத்துதல்'னு ஒரே வரிதான் இருக்கு. வருஷக் கடைசில இதை வச்சு எப்படி மார்க் போடுறது?"

போட முடியாது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஐந்துக்கு நாலும் போடலாம், இரண்டும் போடலாம், இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். கடைசியில் மேனேஜருக்கு அந்த மாதம் அவர் மேல் என்ன அபிப்பிராயமோ அதுதான் மார்க்காக வரும்.

ஒரு கோல் அளக்கத்தக்கதாக இருக்க ஐந்து விஷயம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: எதை எண்ணுகிறோம், இப்போது அது எவ்வளவு, எவ்வளவாக வேண்டும், எந்த இடத்திலிருந்து எண்ணை எடுப்போம், எந்தத் தேதியில் எடுப்போம். மேலே உள்ள வரியையே மாற்றி எழுதினால் இப்படி வரும்: "கூகுளில் நம் நிறுவனத்தின் பெயரைத் தட்டித் தேடியபோது நம் தளம் தெரிந்த எண்ணிக்கை, கூகுளின் சர்ச் கன்சோல் கணக்குப்படி, போன வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை இருந்ததைவிட இந்த வருடம் அதே மூன்று மாதத்தில் 15 சதவீதம் கூட வேண்டும், ஜூலை 5ஆம் தேதி எடுப்போம்." சர்ச் கன்சோல் 16 மாத விவரத்தை வைத்திருக்கும், ஆகவே போன வருடத்தோடு ஒப்பிடுவதில் சிரமம் இல்லை. விழிப்புணர்வுக்கு இதுவே முழு அளவுகோல் என்று சொல்லமாட்டேன், ஆனால் நம் பெயர் ஞாபகம் இருப்பவர்தான் நம் பெயரைத் தட்டித் தேடுவார். ஃபாலோயர் எண்ணிக்கையைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

"எதுக்கு இவ்வளவு சுத்து? நேரா சேல்ஸ் டார்கெட்டே கொடுத்துட்டா ஆச்சு. மார்க்கெட்டிங்னா கடைசில விற்பனைதானே?"

உதாரணத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு மாதம் 300 லீட் வருகிறது. டெலிகாலர் பேசிய பிறகு அதில் 60 தேறுகிறது, இவைதான் குவாலிஃபைடு லீட். 24 வீட்டுக்கு அளவெடுக்கப் போகிறார்கள். ஆர்டர் ஆவது 6. இந்த ஆறு ஏழாகுமா ஐந்தாகுமா என்பது சேல்ஸ் ஆள் எவ்வளவு சீக்கிரம் போனார், கொட்டேஷன் எத்தனை நாளில் போனது, பிளைவுட் விலை ஏறியதா, பக்கத்துத் தெரு கார்ப்பெண்டர் எவ்வளவு சொன்னார் என்பதிலெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதில் ஒன்றுகூட ஜூனியர் கையில் இல்லை. அதோடு மாதம் ஆறு என்பது மிகச் சின்ன எண். யாரும் எதையும் மாற்றாமலேயே ஒரு மாதம் நாலும் இன்னொரு மாதம் எட்டும் வரும். அதை வைத்து ஒருவரைப் பாராட்டுவதும் திட்டுவதும் இரண்டுமே தவறு.

நான் பின்பற்றச் சொல்லும் விதி இது: அவர் கை எட்டுகிற கடைசிப் படியில் அளக்க வேண்டும். விளம்பரப் படம், வாசகம், யாருக்குக் காட்டுவது, ஃபார்மில் என்ன கேட்பது, பணத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது, இதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. இவை நேரடியாகத் தீர்மானிப்பது குவாலிஃபைடு லீட் எத்தனை வருகிறது, ஒன்றுக்கு என்ன செலவாகிறது என்பதை. ஆகவே அவருடைய முக்கியமான எண் அதுவாக இருக்கட்டும். ஆர்டர் எண்ணிக்கை ஷீட்டில் இருக்கலாம், அவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வேண்டும், மார்க் மட்டும் அதற்கு வேண்டாம்.

"அப்போ வெறும் லீட் எண்ணிக்கையே போதாதா? அதுவும் அவர் கையில இருக்கிறதுதானே?"

இருக்கிறது, ரொம்பவே அவர் கையில் இருக்கிறது, பிரச்சினையே அதுதான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் லீட் ஃபார்மில் More volume, Higher intent என்ற வகைகள் உண்டு. இரண்டாவதில் அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி இன்னொரு திரை வரும். முதல் வகைக்கு மாற்றி, ஃபார்மில் உள்ள இரண்டு கேள்வியை எடுத்துவிட்டால் லீட் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். வருகிறவர்களில் பாதிப் பேர் "நானா? ஃபார்மா? எப்போ?" என்று டெலிகாலரிடம் கேட்பார்கள். லீட் எண்ணிக்கைக்கு மார்க் போடுகிற ஆபீஸில் நேர்மையான ஜூனியர்கூட கொஞ்ச நாளில் அந்தப் பக்கம்தான் சாய்வார், ஏனென்றால் அவரிடம் கேட்கப்பட்டது அதுதான். ஓர் அளவுகோலை இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்ற கருத்துக்கு குட்ஹார்ட் விதி என்று பெயர், சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதியதிலிருந்து வந்தது. விளம்பர வேலையில் இது தினமும் நடக்கிறது.

இதற்கு மருந்து, ஒவ்வொரு முக்கிய எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு காவல் எண் வைப்பது. குவாலிஃபைடு லீட் கூட வேண்டும், அதே நேரம் அதில் அளவெடுக்கப் போகும் விகிதம் 35 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. காவல் எண்ணுக்குத் தனி மார்க் கிடையாது. ஆனால் அது உடைந்தால் முக்கிய எண்ணுக்கு ஐந்துக்கு மூன்றுக்கு மேல் கிடைக்காது. கோல் ஷீட்டிலேயே இதை எழுதிவிடுங்கள், ரிவ்யூ அன்றைக்குப் புதிதாகச் சொன்னால் அநியாயம்.

"குவாலிஃபைடுன்னு யார் சொல்றது? எங்க ஆபீஸ்ல மார்க்கெட்டிங்கும் சேல்ஸும் தினம் இதுக்குத்தான் சண்டை."

டெலிகாலர் சொல்லட்டும், ஆனால் அவர் அபிப்பிராயத்தை வைத்துச் சொல்லக்கூடாது. நாலு கேள்வி, நாலுக்கும் லீட் விவரம் பதியும் சிஆர்எம்மில் தனித்தனிக் கட்டம். வீடு நம் வேலைப் பகுதிக்குள் இருக்கிறதா? வீடு சொந்தமா, சாவி கையில் வந்துவிட்டதா அல்லது வரும் தேதி தெரியுமா? பட்ஜெட் 2 லட்சத்துக்கு மேலா? மூன்று மாதத்துக்குள் வேலை ஆரம்பிக்க நினைக்கிறார்களா? நாலும் ஆம் என்றால் குவாலிஃபைடு. "ஆள் நல்லா பேசினார்" என்பது இதில் கிடையாது.

இந்த வரையறையை மார்க்கெட்டிங் மேனேஜரும் சேல்ஸ் மேனேஜரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, காலாண்டு முடியும்வரை தொடாமல் வைக்க வேண்டும். நடுவில் மாற்றினால் முன்பாதி எண்ணும் பின்பாதி எண்ணும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகாதவையாகிவிடும். மாதம் ஒருமுறை இருபது லீட்டைக் கண்ணை மூடி எடுத்து, கால் ரெக்கார்டிங் கேட்டு, கட்டங்கள் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று மேனேஜர் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலைதான், சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

"மொத்தம் எத்தனை கோல் கொடுக்கலாம்? எங்க எச்ஆர் டெம்ப்ளேட்ல பன்னிரண்டு இருக்கு."

ஜூனியருக்கு மூன்று போதும். பன்னிரண்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டு சதவீதம்தான் வரும், எதைச் செய்யாமல் விட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, அவருக்கும் எது முக்கியம் என்று தெரியாது.

நம் உதாரணத்தில் மூன்றும் இப்படி. முதலாவது குவாலிஃபைடு லீட், 50 சதவீதம். இரண்டாவது விவரம் சுத்தமாக இருப்பது, 20 சதவீதம்: சிஆர்எம்மில் உள்ள லீட்களில் 95 சதவீதத்துக்கு எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது சோதனைகள், 30 சதவீதம்: காலாண்டில் ஆறு சோதனை. ஒவ்வொன்றுக்கும் எதை மாற்றினேன், எதற்காக, என்ன ஆகும் என்று நினைத்தேன், என்ன ஆனது, அதன்பின் என்ன முடிவெடுத்தேன் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும்.

மூன்றாவதை ஏன் வைக்கிறேன் என்றால், ஜூனியருடைய முதல் வருடத்தில் எண்ணைவிட அவர் எப்படி யோசிக்கிறார் என்பதுதான் நிலைக்கப்போகிறது, அதையும் கண்ணால் பார்க்கும் விதமாக எழுத்தில் வாங்கிவிடலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் இந்த விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள், சோதனைக்கு 50, லீட்டுக்கு 30. வந்தவுடன் கிடைக்கும் எண் முன்னால் இருந்தவர் செய்து வைத்ததன் பலன்தான்.

"டார்கெட் எண்ணை எங்கிருந்து எடுக்கிறது? எங்க எம்டி போன வருஷத்தைவிட 50 சதவீதம்னு சொல்லிட்டுப் போயிடுவார்."

போன வருடம் இதே காலாண்டில் என்ன வந்தது என்பதிலிருந்து. போன காலாண்டோடு ஒப்பிடாதீர்கள், கிச்சன் வியாபாரத்தில் அது ஏமாற்றிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் குறைவு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை விசாரிப்பார்கள், ஆனால் "ஆவணி பிறக்கட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். அந்தக் காலாண்டை ஏப்ரல் ஜூனோடு ஒப்பிட்டு ஜூனியருக்கு மார்க் குறைத்தால், அது பஞ்சாங்கத்துக்குக் குறைத்த மார்க்.

நம் நிறுவனத்தில் போன வருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரை, 4,50,000 ரூபாய் செலவில், 180 குவாலிஃபைடு லீட் வந்தது. ஒன்றுக்கு 2,500 ரூபாய். இந்த வருடமும் அதே பணம். டார்கெட் 200, அதாவது ஒன்றுக்கு 2,250. ஏன் 185 வைக்கவில்லை? 180 வருகிற இடத்தில் தற்செயலாகவே பத்துப் பதிமூன்று கூடும் குறையும், 185ஐத் தொட்டால் அது வேலையா அதிர்ஷ்டமா என்று தெரியாது. ஏன் 270 இல்லை? அதே பணத்தில் ஒன்றரை மடங்கு என்றால் லீட் ஒன்றுக்கு 1,667 ரூபாய் ஆக வேண்டும். அதற்கு விளம்பரத்தை மட்டும் மாற்றிப் பலன் இல்லை, விலையோ பொருளோ ஏரியாவோ மாற வேண்டும், அந்த அதிகாரம் ஜூனியரிடம் இல்லை. எம்டியிடம் இந்த வகுத்தல் கணக்கைக் காட்டுங்கள். 50 சதவீதம் வேண்டும் என்று அவர் அப்புறமும் சொன்னால், அதற்குப் பணம் எவ்வளவு கூட்டுவீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

மார்க் போடும் அளவையும் முன்னமே எழுதிவிடுங்கள். 160க்குக் கீழே 2, 160 முதல் 199 வரை 3, 200 முதல் 219 வரை 4, 220இலிருந்து மேலே 5. போன வருடத்து நிலையைக் காப்பாற்றினாலே மூன்று கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள், அது வேண்டுமென்றே வைத்தது. நடுவில் பணத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ டார்கெட்டும் அதே விகிதத்தில் நகரும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சரி, காலாண்டு முடிஞ்சு எண் வந்தாச்சு. அப்புறம் என்ன பண்றது? ஒரு ரிவ்யூவை முழுசா காட்ட முடியுமா?"

காட்டுகிறேன். முதலில் ஒரு விஷயம், ஜூன் 30 முடிந்ததும் ஜூலை 2ஆம் தேதி ரிவ்யூ வைக்காதீர்கள். ஜூன் கடைசியில் வந்த லீட்டுக்கு அளவெடுப்பு ஜூலையில்தான் நடக்கும். குவாலிஃபைடு ஆன நாளிலிருந்து 21 நாளுக்குள் நடந்த அளவெடுப்பு மட்டும் கணக்கு என்று வைத்து, ஜூலை கடைசி வாரம் உட்காருங்கள்.

வந்த எண்: குவாலிஃபைடு லீட் 225. டார்கெட்டைத் தாண்டி, ஐந்துக்கு ஐந்து போடும் இடம். ஆனால் அளவெடுக்கப் போனது 63. விகிதம் 28 சதவீதம், போன வருடம் 180க்கு 72, அதாவது 40 சதவீதம். காவல் எண் உடைந்துவிட்டது.

இங்கே இரண்டு பேச்சு கிளம்பும். ஜூனியர் "நான் கொடுத்தேன், சேல்ஸ் போகவில்லை" என்பார். சேல்ஸ் "வந்ததெல்லாம் குப்பை" என்பார்கள். யார் சொல்வது சரி என்று கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணை விளம்பரம் ஓடிய இடத்தின்படி பிரிப்பது. கூகுளிலிருந்து வந்தது போன வருடம் 60, அதில் 27 அளவெடுப்பு, இந்த வருடமும் அதேதான், 60க்கு 27. மெட்டாவிலிருந்து போன வருடம் 120க்கு 45, இந்த வருடம் 165க்கு 36. அதாவது 37 சதவீதத்துக்கு மேல் இருந்தது 22க்கு வந்துவிட்டது. சேல்ஸ் ஆட்கள் போகாமல் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்திருக்கும், ஏனென்றால் போகிறவர்கள் ஒரே ஆட்கள்தான். கூகுள் பக்கம் அசையாமல் நிற்கிறது, ஆகவே கோளாறு மெட்டா லீட்டில்.

72 அளவெடுப்பு 63 ஆனது மட்டுமே தெரிந்திருந்தால் நான் அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டேன், அந்த அளவு தற்செயலாகவும் வரும். மெட்டா விகிதம் இவ்வளவு விழுந்தது அப்படி இல்லை.

அப்புறம் ஏன் என்று பார்க்க வேண்டும். ஜூனியருடைய சோதனைக் குறிப்பில் மே முதல் வாரத்தில் "லீட் விலை ஏறுகிறது, ஃபார்மை More volume ஆக்கினேன், வேலை எப்போது என்ற கேள்வியை எடுத்தேன்" என்று இருக்கிறது. அவர் எடுத்த முடிவுதான். சரி, தரம் குறைந்த லீட் வந்தால் டெலிகாலரிடம் அடிபட்டுப் போயிருக்க வேண்டுமே, எப்படி குவாலிஃபைடு ஆனது? சிஆர்எம்மைத் திறந்தால் அந்த 165இல் 61க்கு "எப்போது ஆரம்பிக்கணும்" கட்டம் காலியாக இருக்கிறது. காலாண்டில் 900 லீட்டுக்கு ஃபோன் பண்ணிய டெலிகாலர் 1,400 லீட்டுக்குப் பண்ண வேண்டியிருந்தது, நாலாவது கேள்வியைக் கேட்காமலே குவாலிஃபைடு என்று டிக் அடித்துவிட்டார். அந்த 61இல் அளவெடுப்பு வரை போனது 3 பேர்தான்.

இப்போது மார்க். முதல் கோல் மூன்றோடு நிற்கிறது. இரண்டாவது கோலில் 96 சதவீத லீட்டுக்கு மூலம் தெரிந்தது, அதற்கு 4. மூன்றாவதில் ஆறில் ஐந்து சோதனை முடிந்திருக்கிறது, குறிப்புகள் தெளிவாக இருக்கின்றன, ஆனால் ஃபார்ம் மாற்றத்தின் பலன் ஜூன் முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தும் திருப்பி மாற்றவில்லை, அதற்கு 3. மூன்றின் பாதி 1.5, நாலில் இருபது சதவீதம் 0.8, மூன்றில் முப்பது சதவீதம் 0.9. மொத்தம் 3.2.

அதோடு மேனேஜர் தன் பக்கக் கணக்கையும் அதே பேப்பரில் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தாலும் குவாலிஃபைடு ஆக்க முடிந்தது சிஆர்எம் அமைப்பின் குறை, அதை ஜூனியர் மேல் போட முடியாது. அடுத்த காலாண்டுக்கு மூன்று மாற்றம்: நாலு கட்டமும் நிரம்பாமல் குவாலிஃபைடு பட்டன் வேலை செய்யாது, ஃபார்ம் வகையை மாற்றினால் இரண்டு வாரத்தில் அளவெடுப்பு விகிதத்தை அந்த விளம்பரத்துக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், மே மாதம் மாற்றிய ஃபார்ம் இன்றே Higher intentக்குத் திரும்புகிறது. இதற்குப் பெயர்தான் ரிவ்யூ. 3.2 என்ற எண் அதில் ஒரு வரி.

"மாசா மாசம் எண் ஏறி ஏறி இறங்குது. ஒவ்வொரு மாசமும் விளக்கம் கேக்கிறாங்க. எது உண்மையான இறக்கம்னு எப்படித் தெரியும்?"

ஒரு தோராயக் கணக்கு உண்டு. வழக்கமாக வரும் எண்ணின் வர்க்கமூலத்தை எடுங்கள். 60க்கு ஏறக்குறைய 8. ஆகவே 52 முதல் 68 வரை எதுவும் நடக்காமலேயே ஆடும், மூன்று மாதத்தில் ஒரு மாதம் அதையும் கொஞ்சம் தாண்டும். 55 வந்த மாதத்துக்கு விளக்கம் கேட்டால் ஜூனியர் ஏதாவது ஒரு விளக்கம் தயாரித்துக் கொடுப்பார், அது உண்மையாக இருக்காது, அதை நம்பி விளம்பரத்தை மாற்றினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் கெடும். 44க்குக் கீழே போனாலோ, மூன்று மாதம் தொடர்ந்து 60க்குக் கீழேயே இருந்தாலோ உட்கார்ந்து பாருங்கள். மாதாமாதம் அரை மணி நேரம் பேசலாம், மார்க் மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை.

"ஃபேஸ்புக் ஒரு எண் சொல்லுது, கூகுள் ஒரு எண் சொல்லுது, சிஆர்எம்ல வேற. எதை நம்பி ரிவ்யூ பண்றது?"

சிஆர்எம்மை. மற்ற இரண்டும் தங்கள் விளம்பரத்துக்குக் கிடைத்த பலனைத் தாங்களே எண்ணிச் சொல்கின்றன. மெட்டாவில் மாற்றாமல் விட்டால் விளம்பரத்தை க்ளிக் செய்து ஏழு நாளுக்குள் நடந்ததும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் நடந்ததும் அதன் கணக்கில் சேரும். கூகுள் ஆட்ஸில் க்ளிக்குக்கு வழக்கமாக 30 நாள். ஒரே ஆள் இன்ஸ்டாவில் க்ளிக் செய்துவிட்டு நாலு நாள் கழித்து கூகுளில் தேடி வந்தால் இரண்டும் அவரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இரண்டையும் கூட்டினால் வந்த ஆட்களைவிட லீட் அதிகமாக இருக்கும்.

சிஆர்எம் சரியாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு விளம்பர லிங்க்கிலும் அடையாளம் இருக்க வேண்டும். இந்த மாதிரி:

```
https://example.com/kitchen?utm_source=facebook&utm_medium=paid_social&utm_campaign=apr_kitchen_cbe
```

எல்லாம் சின்ன எழுத்தில் எழுதுவது என்று ஒரே வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். `Facebook` என்றும் `facebook` என்றும் எழுதினால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முதல் மெசேஜை வேறு வேறு வாசகமாக முன்பே நிரப்பி வைத்தால் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். நேராக ஃபோன் பண்ணுகிறவரிடம் டெலிகாலர்தான் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை. அதனால்தான் 100 வைக்காமல் 95 சதவீதம் வைத்தோம்.

"எங்க ஜூனியர் விளம்பரம் ஓட்டலை, இன்ஸ்டாகிராம் போஸ்ட், ரீல்ஸ், இமெயில்தான். அவருக்கு லீட் கணக்கு வராதே?"

வரும், கொஞ்சம் சின்னதாக வரும். லைக்கையும் வியூவையும் விட்டுவிட்டு, போஸ்டைப் பார்த்து மெசேஜில் விலையோ அளவோ கேட்டவர்கள், ப்ரொஃபைல் லிங்க்கைத் தட்டி ஃபார்ம் நிரப்பியவர்கள், இந்த இரண்டையும் எண்ணுங்கள். எண் சின்னதாக இருப்பதால் காலாண்டுக்குப் பதில் ஆறு மாதத்தில் பாருங்கள், வெயிட்டேஜையும் 30க்கு மேல் கொடுக்காதீர்கள். இமெயிலில் ஓபன் ரேட்டுக்கு மார்க் போட வேண்டாம். 2021இல் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் ஒரு பாதுகாப்பு வசதி கொண்டுவந்த பிறகு, படிக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. க்ளிக்கையும் பதிலையும் எண்ணுங்கள்.

"இந்த மார்க்கை அப்படியே இன்க்ரிமென்ட்டோட கட்டிடலாமா?"

நேரடியாகக் கட்டாதீர்கள். 3.2க்கு இத்தனை சதவீதம் என்று சூத்திரம் போட்டால் அடுத்த காலாண்டில் டார்கெட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம்தான் நடக்கும், சோதனைக் குறிப்பில் தோற்ற சோதனையை எவரும் எழுதமாட்டார்கள். நாலு காலாண்டு மார்க்கையும் சேர்த்து வைத்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள், சம்பளப் பேச்சை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் இரண்டையும் பேசினால் அவர் காதில் விழுவது ரூபாய் மட்டும்தான்.

"நான்தான் அந்த ஜூனியர். எங்க மேனேஜர் இதெல்லாம் எதுவும் பண்ணமாட்டார். நானா ஆரம்பிக்க முடியுமா?"

முடியும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட் திறந்து போன வருடத்து எண்ணை முதலில் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் நீங்கள் செய்த எதையும் நிரூபிக்க முடியாது, சில மாதம் போனால் பழைய விவரம் கிடைக்காமலும் போகலாம். அப்புறம் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதுங்கள், முக்கியமாக மேனேஜர் சொல்லிச் செய்ததை அவர் சொன்னது என்று எழுதுங்கள். "லீட் விலையைக் குறை" என்று அவர் சொல்லி நீங்கள் ஃபார்மை மாற்றியிருந்தால், மேலே பார்த்த உதாரணத்தில் மூன்றோடு நிறுத்தியது உங்களுக்குப் பொருந்தாது, அதைச் சொல்ல அந்த ஒரு வரி வேண்டும்.

மாத முதல் வாரத்தில் மேனேஜருக்கு ஐந்து வரி மெயில் அனுப்புங்கள்: இந்த மாத எண், போன வருடம் இதே மாத எண், மாற்றியது என்ன, தெரிந்துகொண்டது என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும். பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள். சேல்ஸ் ஆட்களிடம் வாரம் ஒருமுறை டீ குடிக்கும்போது "இந்த வாரம் வந்ததில் எந்த லீட் மோசம்" என்று கேளுங்கள், சிஆர்எம்மில் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரிவ்யூ நாள் வரும்போது அந்த ஷீட்டை முந்தின நாளே அனுப்பிவிட்டு, மார்க்குக்கான காரணத்தை அந்த எண்களை வைத்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.